நன்கொடை மருந்தின் அட்டை விலையை எங்கள் பட்ஜெட்டில் கழிக்காதீர்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுத் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டு நம் கிளினிக்கின் மருந்துக்கும் கட்டுப் பொருட்களுக்கும் சேர்த்து 4 லட்சம் ரூபாய் என்று நீங்கள் முடிவு செய்த தாள் போன வாரம் என் மேசைக்கு வந்தது. போன ஆண்டு இதே செலவுக்கு 9 லட்சம் கொடுத்தீர்கள். குறைத்ததற்குக் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: நன்கொடையாக வரும் மருந்துகளின் மதிப்பு 5.20 லட்சம், ஆகவே அந்த அளவுக்கு நாம் வாங்க வேண்டியதில்லை. இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மேலாளர் வழியாக எழுதிக் கேட்டுப் பார்த்தேன், முடிவு எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. நமக்கு மருந்துப் பெட்டி அனுப்புகிறவர்களும் இதைப் படிப்பது நல்லது என்பதால் மடலைத் திறந்தே எழுதுகிறேன்.

கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கடலோரச் சாலையை ஒட்டி இருக்கும் இந்த கிளினிக்கின் மருந்து அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். வாங்குவது, பதிவேட்டில் ஏற்றுவது, கொடுப்பது, காலாவதியானதைப் பிரித்து வைப்பது எல்லாம் என் கை வழியாகத்தான் நடக்கிறது. மாதத்துக்குச் சுமார் 1,500 பேர் வருகிறார்கள். பாசி எடுக்கும் பெண்கள், வள்ளக்காரர்கள், உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள், பனையேறிகள், கரிமூட்டம் போடுகிறவர்கள், அப்புறம் இவர்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கும் சுகர், பிரஷர்காரர்கள்.

முதலில் அந்த 5.20 லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி வந்ததும் ஒவ்வொரு அட்டையிலும் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யைக் கூட்டி நன்கொடை வரவாக எழுதுகிறோம். ஆண்டறிக்கையில் போட அந்த எண் நன்றாகத்தான் இருக்கும், கொடுத்தவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எம்.ஆர்.பி. என்பது கடையில் நோயாளியிடம் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்கிற விலை. நாம் அந்த விலைக்கு ஒருநாளும் மருந்து வாங்குவதில்லை. நாம் வாங்குவது மொத்த விலையில், பிராண்டு பெயருக்காகக் காசு கொடுக்காத ஜெனரிக் மாத்திரை.

போன ஆண்டு வந்ததிலேயே நல்ல பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் 5 மி.கி., 960 அட்டை, அட்டைக்கு 10 மாத்திரை. நமக்குத் தேவையான மருந்து, சரியான பவர், காலாவதிக்கு இன்னும் 5 மாதம் இருந்தது, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடித் தீர்ந்தது, ஒரு மாத்திரைகூட வீணாகவில்லை. இப்படி ஒரு பெட்டி மாதாமாதம் வந்தால் நான் கும்பிட்டு வாங்குவேன். அட்டையில் விலை 26 ரூபாய், அதனால் புத்தகத்தில் 24,960 ரூபாய் என்று ஏறியது. அதே மாத்திரையை அதற்கு முந்தைய பில்லில் நாம் வாங்கியது ஒன்று 24 காசுக்கு. 9,600 மாத்திரைக்கு 2,304 ரூபாய். ஆக அந்தப் பெட்டி நமக்கு மிச்சப்படுத்தியது 2,304, நீங்கள் இந்த ஆண்டு பட்ஜெட்டில் அதற்காகக் கழித்தது கிட்டத்தட்ட 25 ஆயிரம். நல்ல பெட்டிக்கே இந்தக் கதை.

நன்கொடைப் பதிவேட்டையும் வழங்கல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு ஆண்டுக்கும் இதே கணக்கைப் போட்டேன். 5.20 லட்சத்தில் எம்.ஆர்.பி.படி 1.10 லட்சம் மதிப்புள்ள மருந்து கொடுத்து முடிப்பதற்குள் காலாவதியானது. 1.30 லட்சம் மதிப்புள்ளது நம் கிளினிக்கில் யாருக்கும் எழுத முடியாதது. மீதி 2.80 லட்சம்தான் நோயாளிகள் கைக்குப் போனது, அதை நாமே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு 58 ஆயிரம் ரூபாய். இந்த 58 ஆயிரத்தில் சத்து மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் தாராளமாகவே சேர்த்திருக்கிறேன், நாமாக இருந்தால் அதில் பாதியை வாங்கியே இருக்க மாட்டோம். 58 ஆயிரம் மிச்சமானதற்காக 5 லட்சத்தை வெட்டியிருக்கிறீர்கள்.

எழுத முடியாதவை என்று சொன்னேனே, அது என்ன என்று கேட்பீர்கள். பேனாவில் போடும் இன்சுலின் கார்ட்ரிட்ஜ் வந்தது, பேனா வரவில்லை. முடி கொட்டுவதற்கான மாத்திரை வந்தது. இரண்டிரண்டு மாத்திரையாக, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த டாக்டர் சாம்பிள்கள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வந்தது. ஒரே வலி மாத்திரை ஏழெட்டு பெயரில், ஏழெட்டு நிறத்தில். அதைப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்குவதற்கு நானும் நர்ஸும் வேலை நேரம் முடிந்தும் உட்கார்ந்திருந்தோம். இன்னொரு பெட்டியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின் வயல்கள் இருந்தன. இங்கே நாம் கொடுப்பது 40 யூனிட் வயல், வீடுகளில் இருப்பது அதற்கான சிவப்பு மூடி ஊசி. அந்த ஊசியில் 100 யூனிட் மருந்தை வழக்கமான கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. ஆளைக் கொன்றுவிடும். அவற்றைத் தனியாகப் பூட்டி வைத்தேன், கடைசியில் அப்படியே காலாவதியானது. புத்தகத்தில் மட்டும் அது இன்றும் நமக்கு வந்த வரவு.

காலாவதியான மருந்தைக் குப்பையில் போட்டுவிட முடியாது, கடலோரத்தில் புதைக்கவும் முடியாது. 2016-ம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பை, எரிப்பதற்குக் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பணமும் கட்டுகிறோம்.

காலாவதி நெருங்கிய மருந்து குப்பைக்குப் போவது ஒரு நஷ்டம். அது குப்பைக்குப் போகாமல் நோயாளிக்குப் போவது அதைவிடப் பெரிய நஷ்டம், அது எந்தக் கணக்கிலும் வராது. பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த வயிற்றெரிச்சல் மாத்திரை 600 அட்டை, அதாவது 6,000 மாத்திரை, மூன்று மாதம் மட்டும் பாக்கி இருக்கும்போது வந்தது. நமக்கு மாதத் தேவை 400 போல. மூன்று மாதத்தில் 1,200 செலவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் போயிருப்பது 2,900. அந்தக் கூடுதல் 1,700 மாத்திரை யாருக்குப் போனது என்றால், "லேசா நெஞ்சு எரியுது" என்று பேச்சுவாக்கில் சொன்னவர்களுக்கு, வலி மாத்திரை வாங்கியவர்களுக்குத் துணைக்கு, மூட்டுவலிக்கு வந்த பெரியவர்களுக்கு. டாக்டரைக் குறை சொல்லவில்லை. அலமாரி நிறைய இருக்கிறது, அடுத்த மாதம் எரிக்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால் யாருடைய பேனாவும் கொஞ்சம் தாராளமாகத்தான் ஓடும். ஆனால் டோம்பெரிடோன் சும்மா கொடுக்கிற மருந்து கிடையாது. வயதானவர்களுக்கும், சில ஆன்டிபயாடிக்கோடு சேரும்போதும் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். மீதி 3,100 மாத்திரை எரிக்கப் போனது. எம்.ஆர்.பி. 37,200 ரூபாய். இதையும் பட்ஜெட்டில் கழித்திருக்கிறீர்கள்.

சாம்பிளும் கலவை மாத்திரையும் செய்யும் இன்னொரு வேலையைச் சொல்கிறேன், இதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் காது கொடுங்கள். போன நவம்பரில் காலாண்டுப் பணம் தாமதமாக வந்ததால் சுகருக்குக் கொடுக்கும் சாதா மெட்பார்மின் தீர்ந்துபோனது. அப்போது நன்கொடைப் பெட்டியில், சுகருக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை இருந்தது. டாக்டர் அதையே எழுதினார், வேறு வழியும் இல்லை. பனை ஓலை முடைந்து பிழைக்கும் ஒரு பாட்டிக்கு அதைக் கொடுத்து, "இனிமே இது ஒண்ணுதான், பழசு வேண்டாம்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினோம். அவருக்கு எழுத்துத் தெரியாது, மாத்திரையை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார். வீட்டில் பழைய கிளிமிபிரைட் அட்டை பாதி மிச்சம் இருந்திருக்கிறது. பழையது சுகருக்கு, புதுசு வேற எதுக்கோ என்று நினைத்து இரண்டையும் போட்டிருக்கிறார், அன்றைக்கு விரதம் வேறு. மகன் தூக்கிக்கொண்டு வந்தபோது வேர்த்து ஊற்றியது, ஆள் பேச்சுக் குழறியது. சுகர் 46. ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றினோம், பத்து நிமிடத்தில் கண் திறந்தார். ஆனால் கிளிமிபிரைட் ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து, ஏற்றிய குளுக்கோஸ் கரைந்ததும் மறுபடி இறங்கும். அதனால் வீட்டுக்கு அனுப்பாமல் சாயந்தரம் வரை சாப்பிட வைத்து, குத்திப் பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம். பிழைத்துக்கொண்டார். இப்போதும் வருகிறார். "மாத்திரை நிறம் மாத்தாதே தாயி" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்குகிறார்.

கலவை மாத்திரையில் டாக்டருக்கு அளவை மாற்றவும் வழியில்லை. மெட்பார்மினைக் கூட்டி கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பாதியாக உடைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் அதில் பெரும்பாலும் மெட்பார்மின் மெதுவாகக் கரையும்படி செய்திருப்பார்கள், உடைத்தால் அந்தத் தன்மை போய்விடும். சுகருக்கும் பிரஷருக்கும் ஆண்டு முழுக்க ஒரே மருந்து, முடிந்தால் ஒரே கம்பெனி, ஒரே அட்டை கொடுக்க வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். அதை நன்கொடையை நம்பிச் செய்ய முடியாது. அடுத்த பெட்டியில் என்ன வரும் என்று அனுப்புகிறவருக்கே தெரியாது.

அந்த நவம்பர் மாதத்தைப் பற்றி இன்னொன்று. உங்கள் தாளோடு இணைத்திருந்த தேவைப் பட்டியலில் நவம்பரில் மெட்பார்மின் தேவை 9,360 மாத்திரை என்று இருக்கிறது, மற்ற மாதங்களைவிடக் குறைவாக இருப்பதால் "நிர்வகிக்க முடிந்திருக்கிறது" என்று பக்கத்தில் குறிப்பு வேறு. 260 பேருக்குச் சராசரியாக நாளைக்கு இரண்டு வீதம் நமக்கு ஒரு நாளைக்கு 520 மாத்திரை வேண்டும். 18-ம் தேதியோடு ஸ்டாக் தீர்ந்தது. 18 நாளுக்கு 520 என்றால் 9,360. அது தேவை அல்ல, இருந்தது அவ்வளவுதான். மருந்து இல்லாத 12 நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத் தேவை 15,600. மருந்து அறையில் பழகியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் திருத்தம் இது: கொடுத்ததை, கையில் மருந்து இருந்த நாட்களால் மட்டும் வகுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தட்டுப்பாடும் சிக்கனமாகத் தெரியும், அடுத்த ஆண்டு அதைப் பார்த்து இன்னும் குறைப்பீர்கள், இன்னும் சீக்கிரம் தீரும்.

சரி, 4 லட்சத்தில் என்ன முடியும் என்று பார்ப்போம். மூன்றே மூன்று செலவை மட்டும் எடுக்கிறேன்.

மெட்பார்மின், 15,600 மாத்திரை, ஒன்று 55 காசு, மாதம் 8,580 ரூபாய், ஆண்டுக்கு ஒரு லட்சத்து மூவாயிரம் போல. இன்சுலின் 18 பேருக்கு ஆளுக்கு மாதம் இரண்டு வயல், வயல் 130 ரூபாய், ஆண்டுக்கு 56 ஆயிரம். மூன்றாவது, யாரும் பேசாத செலவு: புண்ணுக்குக் கட்டுப் போடுவது.

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடைப் பெட்டியில் பஞ்சு வந்து நான் பார்த்ததே இல்லை. காஸ் துணி வருவதில்லை, கையுறை வருவதில்லை, சலைன் பாட்டில் வருவதில்லை, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் வருவதில்லை. கம்பெனியிடமும் டாக்டரிடமும் மிஞ்சுவது மாத்திரைதான், அதனால் நமக்கு வருவதும் மாத்திரைதான். ஆனால் இந்தக் கரையில் நம்மிடம் வருகிறவர்களில் ஒரு பெரிய பங்கு காயத்தோடு வருகிறவர்கள். பாசி எடுக்கிற பெண்களுக்குப் பார் கல்லில் காலும் கையும் கிழியும். உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் வெடித்து, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ஆறவே ஆறாது. கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்து சீழ் வைத்திருக்கும். அப்புறம் திருக்கை.

திருக்கை முள் குத்தி ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று மேசையில் உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வலி தாங்காமல் பெரிய ஆம்பளைகள் அழுவார்கள். முதல் வேலை சுடுதண்ணீர், 45 டிகிரி வரை, தோல் வெந்துவிடாமல் ஆள் தாங்குகிற சூட்டில், காலை முக்கி முக்கால் மணி, ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே. அந்த நஞ்சு சூட்டில் சிதையும், வலி இறங்கும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே முள் துண்டு, சவ்வு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்து, சலைனால் நன்றாகக் கழுவி, டி.டி. ஊசி போட்டு, புண்ணை இறுக்கித் தைக்காமல் திறந்தே விட்டுக் கட்டுப் போட வேண்டும். கடல் தண்ணீரில் பட்ட காயம் என்பதால் சுகர்காரர், குடித்து ஈரல் கெட்டவர் என்றால் டாக்டர் டாக்சிசைக்ளின் சேர்த்து எழுதுவார், இவர்களுக்குக் கடல் கிருமி ஏறினால் ஓரிரு நாளில் காலோ உயிரோ போய்விடும். டாக்சிசைக்ளின் மலிவான பழைய மருந்து, சாம்பிளாக யாரும் அடிப்பதில்லை, ஆகவே அதுவும் நன்கொடையில் வராது. பிறகு நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும், பல நாள், சில பேருக்குப் பல வாரம்.

ஒரு கட்டுக்கு காஸ், பேட், சலைன், அயோடின் மருந்து, ஒரு ஜோடிக் கையுறை, சுருள் துணி எல்லாம் சேர்ந்து 38 ரூபாய் ஆகிறது. நாளைக்கு 15 கட்டு, மாதம் 26 நாள். மாதம் 14,820. ஆண்டுக்கு ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் போல.

மூன்றையும் கூட்டினால் 3 லட்சத்து 37 ஆயிரம். உங்கள் 4 லட்சத்தில் மீதி 63 ஆயிரம். மாதத்துக்கு 5,250. காய்ச்சல் மாத்திரை, ஆன்டிபயாடிக், பிரஷர் மருந்துகள், ஆஸ்துமா இன்ஹேலர், குழந்தைகளுக்கான சிரப், உப்பு சர்க்கரைப் பொட்டலம், டி.டி. ஊசி, சுகர் ஸ்ட்ரிப், சிரிஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் அந்த 5,250-க்குள். மாதம் வருகிற 1,500 பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றரை ரூபாய். ஒரு டீகூட வராது.

போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர், அரசாங்கமே 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறதே, நாம் எதற்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. அப்படி வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் மாத்திரை கொடுப்பதே இல்லை, அட்டையைப் பார்த்துக் கேட்டுத்தான் கொடுக்கிறோம். 260 என்று நான் சொன்னது அவர்களைக் கழித்த பிறகு வரும் எண்ணிக்கை. மிச்சம் இருப்பவர்கள் வேறு துறைமுகத்துக்கு மாதக்கணக்கில் தொழிலுக்குப் போய் வருகிறவர்கள், விடியும் முன்னே கடலுக்கோ உப்பளத்துக்கோ போய்விடுகிறவர்கள், மருந்து கொண்டுவருகிறவர் வரும்போது வீட்டில் இல்லாதவர்கள். இவர்களில் இன்னும் எத்தனை பேரை அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். சேர்ந்தால் என் கணக்கில் நானே குறைப்பேன். சேரும் முன்னால் நீங்கள் குறைக்காதீர்கள்.

பணம் வரும் நேரமும் ஒரு பிரச்சினை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் காசு இருக்காது, மற்ற நாளில் கடையில் மருந்து வாங்குகிறவர்களும் அப்போது நம்மிடம்தான் வருவார்கள். நம் முதல் காலாண்டுப் பணமோ மே மாத நடுவில்தான் வருகிறது. மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டி, சரக்கு மதுரையிலிருந்து வந்து சேர மூன்று வாரம். ஆள் கூடுகிற நேரத்தில் அலமாரி காலி. அக்டோபரில் மழை தொடங்கும்போதும் காய்ச்சலோடு இதே கதை.

நன்கொடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் இதற்கு முறை இருக்கிறது, நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1996-ல் முதலில் வெளியிட்டு, பிறகு திருத்தவும் செய்த மருந்து நன்கொடை வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வாங்குகிறவர் கேட்டதைத்தான் அனுப்ப வேண்டும். வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடம் காலாவதிக்கு இருக்க வேண்டும். டாக்டர் சாம்பிளும், நோயாளியிடமிருந்து திரும்பி வந்ததும் கூடாது. முக்கியமாக, நன்கொடையின் மதிப்பை அதே மருந்தின் ஜெனரிக் மொத்த விலையில்தான் எழுத வேண்டும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனாலும் சென்னையிலிருந்து நம் ஊருக்கு வரும் பெட்டிக்கும் அத்தனையும் பொருந்துகிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

இந்த ஆண்டுக் கொள்முதல் தொகையை 8.40 லட்சமாக மாற்றி எழுதுங்கள். போன ஆண்டின் 9 லட்சத்தில், நன்கொடையால் உண்மையில் மிச்சமான 58 ஆயிரத்தைக் கழித்து, ரவுண்டாகக் கேட்கிறேன். ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கேட்கவில்லை, விலை ஏறியிருந்தும். இதில் 2.20 லட்சத்தைக் கட்டுப் பொருட்கள், சிரிஞ்சு, ஸ்ட்ரிப் முதலியவற்றுக்கென்று தனித் தலைப்பில் வையுங்கள், மருந்து நன்கொடை எவ்வளவு வந்தாலும் அந்தத் தலைப்பில் கை வைக்க வேண்டாம்.

இனி நன்கொடை மருந்தை நம் கடைசிக் கொள்முதல் பில் விலையில் எழுத அனுமதி கொடுங்கள். பெட்டி வந்த அன்றைக்கு அல்ல, நோயாளிக்குக் கொடுத்த அளவுக்கு மட்டும்தான் அது பட்ஜெட்டில் கழிய வேண்டும். நாம் வழக்கமாக வாங்காத மருந்து என்றால் பட்ஜெட்டைப் பொறுத்தவரை அதன் மதிப்பு பூஜ்யம். ஆண்டறிக்கைக்கு எம்.ஆர்.பி. எண்தான் வேண்டும் என்றால் அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை வைத்து வாங்கும் தொகையை முடிவு செய்யாதீர்கள்.

எந்த மருந்து வாங்குவோம் என்கிற பட்டியலை டாக்டரும் நானும் தயாரித்து வைத்திருக்கிறோம், இரண்டு பக்கம். அதை டிரஸ்டின் பெயரில் நன்கொடையாளர்களுக்கு அனுப்புங்கள். பட்டியலில் இல்லாததை, ஒரு வருடத்துக்குக் குறைவாகக் காலாவதி உள்ளதை, சாம்பிளை, திருப்பி அனுப்பும் உரிமையை எங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரே ஒரு விலக்கு போதும்: பாக்கி இருக்கும் காலத்தில் பாதிக்குள் எங்கள் வழக்கமான வேகத்திலேயே தீர்ந்துவிடும் என்றால் வாங்கிக்கொள்கிறோம், அந்த அம்லோடிபின் பெட்டி மாதிரி. இன்சுலின் எதுவாக இருந்தாலும் குளிர்ப்பெட்டியில், முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் மட்டும். பழக்கமான பெரியவர் அனுப்பியது, திருப்பினால் மனம் வருந்துவார் என்று எங்களிடம் சொல்லாதீர்கள், அவரிடம் பேச வேண்டியது நீங்கள்தான். மருந்துக்குப் பதில் பணமாகக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது காஸ் துணியும் கையுறையும் வாங்கித் தரச் சொல்லுங்கள். எதற்கு எவ்வளவு ஆகும் என்று நான் எழுதித் தருகிறேன்.

ஆண்டுத் தொகையில் பாதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் மீதியில் பெரும்பகுதியைச் செப்டம்பர் தொடக்கத்திலும் விடுவியுங்கள். இந்த ஆண்டுக்கு முதல் தவணை ஏற்கெனவே தாமதம், அதனால் மெட்பார்மின், இன்சுலின், கட்டுப் பொருட்களுக்கு மட்டுமாவது மூன்று மாதச் செலவான 84 ஆயிரத்தை உடனே அனுப்ப வேண்டும். இன்று காலை எண்ணிப் பார்த்ததில் மெட்பார்மின் 11 நாளுக்குத்தான் இருக்கிறது.

கடைசியாக, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பொருளாளர் ஐயாவோ குழுவில் வேறு ஒருவரோ ஒரு நாள் இங்கே வந்து பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். நன்கொடை, கொள்முதல், வழங்கல், காலாவதி நான்கையும், போன ஆண்டு பில்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். மேலே நான் எழுதிய எந்த எண்ணை வேண்டுமானாலும் அதில் சரிபார்க்கலாம். வருகிற நாளை மேலாளருக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். வர முடியாவிட்டால், 5.20 லட்சத்தை எந்த அடிப்படையில் கழித்தீர்கள் என்பதற்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்